பாம்பன் தம்பிக்கு நான் போட்ட தடை

2019 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகில் போகிற பையன்களும், அப்பா படகில் போகிற வீட்டுப் பையன்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்கள் அவை. மண்டபத்தில் எட்டு கம்ப்யூட்டர் வைத்து நான் நடத்தும் சென்டரில் அந்த இரண்டு மாதமும் கூட்டம் குறையாது. ஒரு போட்டி வைக்கலாம் என்ற யோசனை வந்தது. தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று கடலோரமாக எட்டு அணிகள். அணிக்கு ஐந்து பேர், தலைக்கு 250 ரூபாய். சேர்ந்த 10,000 ரூபாயும் பரிசு. கேம் கவுண்டர்-ஸ்டிரைக், ஐந்து பேர் ஐந்து பேராக எதிர் எதிரே நின்று சுடும் ஆட்டம். மும்பையில் ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். அவரவர் ஊரிலிருந்தே ஆடலாம் என்று ஏற்பாடு.

அந்தப் போட்டியின் அரையிறுதி முடிந்து இரண்டு இரவு கழித்து, பாம்பன் அணியில் இருந்த பதினெட்டு வயதுத் தம்பி ஒருவனை "ஹேக் போட்டான்", அதாவது ஏமாற்று நிரல் வைத்து ஆடினான் என்று சொல்லி நான் வெளியே அனுப்பினேன். அது சரியா என்ற கேள்வி பல வருடம் என்னை விடவில்லை. ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவே முடியாது என்று நான் உட்கார்ந்து படித்ததெல்லாம் அந்த உறுத்தலால்தான்.

அப்போது இருந்த மனநிலையையும் சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த பெரிய போட்டியில், ஓர் இந்திய வீரர் `word.exe` என்ற பெயரில் வைத்திருந்த ஏமாற்று நிரலோடு ஆட்டத்தின் நடுவிலேயே பிடிபட்டார். அது நடந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. நன்றாக ஆடுகிற எவனைப் பார்த்தாலும் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும்தான்.

சுவருக்குப் பின்னால் விழுந்த குண்டு

அரையிறுதியில் பாம்பனிடம் தோற்ற அணியின் கேப்டன் அன்றிரவே போன் செய்தான். "அண்ணே, நான் சுவருக்குப் பின்னாடி வந்துட்டேன். வந்த பிறகு சாகுறேன். அவன் சுவர் வழியா பார்த்துத்தான் சுடுறான்" என்றான். அவன் குரலில் பொய் இல்லை. அவன் திரையில் நிஜமாகவே அப்படித்தான் நடந்திருந்தது.

இந்தப் புகார் மட்டும் எனக்கு அன்றைக்கே பிடிபட்டது. ஆன்லைன் கேமில் பத்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே உலகத்தைப் பார்ப்பதில்லை. பாம்பன் தம்பி மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடினான். அவன் பிங் 100 மில்லிசெகண்டை ஒட்டி இருந்தது. அதாவது அவன் கணினியிலிருந்து சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு. அதோடு, எதிரியின் அசைவு வெட்டி வெட்டித் தெரியாமல் இருக்க, கேம் வேண்டுமென்றே இரண்டு டிக் பின்தங்கித்தான் திரையில் காட்டும். சர்வர் ஆட்டத்தின் நிலையை ஒருமுறை கணக்கிடுவது ஒரு டிக். எங்கள் சர்வர் செகண்டுக்கு 64 டிக் ஓடியது, அதனால் இது சுமார் 31 மில்லிசெகண்ட். ஆக அவன் சுட்ட குண்டு சர்வருக்கு வந்து சேரும்போது, அவன் குறிவைத்த காட்சி 131 மில்லிசெகண்ட் பழையது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் பிங் கூடியவன் யாரையும் சுடவே முடியாது. அதனால் சர்வர் அந்த நேரத்தை அப்படியே பின்னோக்கி நகர்த்தி, 'இவன் பார்த்தபோது எதிரி எங்கே நின்றான்' என்று பார்த்து, அங்கே குண்டு பட்டிருந்தால் பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு தூரம் பின்னே போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. எங்கள் சர்வரில் `sv_maxunlag 0.2`, அதாவது 200 மில்லிசெகண்ட்.

செத்தவன் பக்கம் வருவோம். அவன் பிங் 40. அவன் திரையில் அவன் நகர்வது உடனே தெரிகிறது, சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. செத்த செய்தி அவனுக்கு வந்து சேரும்போது, சுட்டவன் பார்த்த காட்சிக்கும் இவன் திரைக்கும் இடையே 100, 31, 40 சேர்ந்து 171 மில்லிசெகண்ட் வித்தியாசம். அந்த கேமில் ஏகே துப்பாக்கியோடு ஓடுகிறவனின் வேகம் செகண்டுக்கு 215 அலகு. 171 மில்லிசெகண்டில் அவன் சுமார் 37 அலகு ஓடிவிடுவான். ஓர் ஆளின் அகலம் அந்த கேமில் 32 அலகு. ஓர் ஆள் அகலத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே அவன் சுவருக்குள் வந்துவிட்டான். ஆனால் தம்பியின் திரையில் அவன் வெட்டவெளியில் நிற்கிறான். இரண்டு பேர் பார்த்ததும் உண்மை.

இதைக் கேப்டனுக்கு நான் விளக்கினேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சரிண்ணே, அதை விடுங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே அவன் சுவரைப் பார்த்துத் திரும்புறானே, அது எப்படி? ரீப்ளேயை எடுத்துப் பாருங்க" என்றான்.

மென்பொருள் ஏன் பேசாமல் இருந்தது

சுவர் வழியாகப் பார்க்க முடிவதன் காரணம் எளிது. எதிரி மூலையைத் திரும்பி வெளியே வந்த பிறகுதான் அவன் இடத்தைச் சர்வர் அனுப்பும் என்று வைத்தால், பிங் நேரம் முழுக்க அவன் திரையில் இருக்கமாட்டான், திடீரென்று முளைப்பான். அதனால் மறைந்திருக்கும்போதே அவன் இருக்கும் இடம் உங்கள் கணினிக்கு வந்துவிடுகிறது. கேம் அதை வரையாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வால் ஹேக் என்பது கேமின் நினைவகத்தை வெளியிலிருந்து படித்து, அந்த இடங்களை எடுத்து, சுவர் மேல் பெட்டி பெட்டியாக வரையும் நிரல். தகவல் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது, அலமாரியைத் திறப்பது மட்டும்தான் மிச்சம்.

அந்த கேமில் அப்போது இருந்த காவல்காரன் வேக். கேமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2002இல் கொண்டுவந்தது. ஒருவன் எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பது இந்த வகை மென்பொருளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது தடயம் தேடுகிறது. ஏற்கெனவே பிடிபட்ட ஹேக் நிரல்களின் பைட் வரிசை இந்தக் கணினியின் நினைவகத்தில் இருக்கிறதா? கேமின் நிரல் வட்டில் இருந்தபடியே நினைவகத்திலும் இருக்கிறதா, அல்லது நடுவில் யாராவது மாற்றியிருக்கிறார்களா? இந்த மாதிரிக் கேள்விகள். நாலு பேருக்கு மட்டும் காசுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஹேக் என்றால் அதன் வரிசை யாரிடமும் இருக்காது, முதல் கேள்வியில் அது தப்பிவிடும்.

இன்னொன்று எங்கள் பையன்கள் யாருக்கும் அப்போது தெரியாது. தடயம் கிடைத்தாலும் வேக் அன்றைக்கே தடை போடாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில் தள்ளிப்போட்டு, மொத்தமாகச் சேர்த்துப் போடும். உடனே போட்டால் ஹேக் எழுதுகிறவன் ஒரு புது கணக்கில் ஒவ்வொரு மாற்றமாகச் செய்து பார்த்து, எது பிடிபட்டது என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான். எனவே மறுநாள் காலை தம்பியின் கணக்கு சுத்தமாக இருந்தது எதையும் நிரூபிக்கவில்லை. மென்பொருள் பேசவில்லை என்பதால் முடிவு என் தலையில் விழுந்தது. இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது.

தடயம் தேடுவதும் தவறாத வழி இல்லை. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேம் ஆடிய சுமார் 12,000 பேருக்கு வேக் தவறாகத் தடை போட்டது. வால்வின் கேம் கடையான ஸ்டீம் ஒரு கோப்பை வட்டில் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது பழைய பிரதி நினைவகத்தில் இருந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததை நிரலை மாற்றிய தடயம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. வால்வ் தடையை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு கேமை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். எந்தக் கோப்பு, எந்தச் சோதனை என்று திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் இடம் இருந்தது. நான் போட்ட தடைக்கு அப்படி ஓர் இடம் இல்லை.

இரண்டு இரவு

ரீப்ளேயை வீட்டில் என் மடிக்கணினியில் பார்த்தேன். மகளுக்கு அப்போது நான்கு மாதம். அதே அறையில் தூங்குவாள். `demo_timescale 0.25` என்று போட்டு நான்கில் ஒரு பங்கு வேகத்தில், தம்பியின் கண் வழியாக ஆட்டம் முழுக்க இரண்டு இரவு ஓட்டினேன்.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வலுத்தது. அவன் துப்பாக்கிக் குறி சில இடங்களில் ஒரே தாவலாகத் தாவியது. நடுவில் பாதையே இல்லை, இங்கிருந்தது அங்கே போய் நின்றது. மனிதக் கை இப்படிப் போகுமா என்று எழுதி வைத்தேன். சர்வர் 64 டிக் ஓடினாலும் ரீப்ளே பதிவு செகண்டுக்கு 32தான் (`tv_snapshotrate 32`) என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை. இரண்டு பதிவுக்கு நடுவே 31 மில்லிசெகண்ட் இடைவெளி. வேகமாக மவுஸை இழுக்கிறவனின் கை அந்த இடைவெளிக்குள் பாதித் திரையைக் கடந்துவிடும். கடந்த பாதை பதிவிலேயே கிடையாது. இல்லாத பாதையை ரீப்ளேயில் தேடிவிட்டு, அவன் கையில் குற்றம் கண்டேன்.

என்னை முடிவுக்குத் தள்ளியது பதினான்காவது ரவுண்ட். டஸ்ட் 2 மேப், பி சைட். தம்பி தனியாகக் காவல் நிற்கிறான். குறி கதவுப் பக்கம் இருக்கிறது. திடீரென்று டன்னல் பக்கம், வெறும் சுவர் மேல் திரும்புகிறது. பிறகு அந்தச் சுவர் மேலேயே மெதுவாக நகர்கிறது. மேலிருந்து பார்க்கும் காட்சிக்கு மாற்றினால் உள்ளே ஒருவன் ஓடி வருகிறான். அவன் ஓட ஓட இவன் குறியும் கூடவே நகர்கிறது. கடைசியில் ஓரிடத்தில் குறி நிற்கிறது. ஓடி வந்தவன் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து தலையை நீட்டுகிறான், இவன் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிச் சுடுகிறான். இந்த மாதிரி ஒன்பது இடம் குறித்து வைத்தேன். கடைசியில் அவன் தாமதித்ததையும் கவனித்தேன். ஹேக் போடுவது தெரியக் கூடாது என்று நடிக்கிறான் என்று அதற்குப் பக்கத்தில் எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

காலையில் போன் செய்து சொன்னேன். நீளமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். "போடலண்ணே" என்றான். நான் ஒன்பது இடத்தையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிண்ணே" என்று வைத்துவிட்டான். பாம்பன் அணி நான்கு பேரோடு இறுதிப் போட்டி ஆடித் தோற்றது.

மறைத்துப் பார்த்தது

ஜூன் முடிந்தது, ஜூலை முடிந்தது. அந்தக் கணக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். வேக் தடை எதுவும் வரவில்லை. வராததும் சாட்சி இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டாலும், மனசு ஒப்பவில்லை.

வால் ஹேக்கைத் தேடுவதற்குப் பதில், அது படிக்க எதுவும் இல்லாமல் செய்துவிடும் வழி ஒன்று இருப்பதை அப்போதுதான் படித்தேன். கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லாத எதிரியின் இடத்தைச் சர்வர் அனுப்பவே அனுப்பாது. 2020இல் வேலரன்ட் என்ற கேம் வந்தபோது அதைச் செய்த ரயட் நிறுவனம் இதைப் பற்றி விரிவாக எழுதியது. கவுண்டர்-ஸ்டிரைக்கில் சோர்ஸ்மாட் என்ற துணைநிரலின் மேல் இதே வேலையைச் செய்யும் பிளக்-இன் அதற்கு முன்பே இருந்தது. ஒவ்வொரு டிக்கிலும் ஒவ்வொருவர் கண்ணிலிருந்தும் ஐந்து எதிரிகளுக்கும் கோடு இழுத்துப் பார்க்கும். பத்து பேருக்கு 50 சோதனை, செகண்டுக்கு 64 டிக் என்றால் 3,200. ஆளின் தலை, தோள், கால் என்று பல புள்ளிகளுக்கு இழுக்க வேண்டும் என்பதால் உண்மையில் அதைவிடப் பல மடங்கு. கோடு சுவரில் முட்டினால் அந்த ஆளின் தகவல் போகாது. கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பிங் கூடியவனுக்கு எதிரி திடீரென்று முளைப்பான். அந்தச் சிறிய நேரத்தில் மட்டும் ஹேக் போட்டவனுக்குக் கொஞ்சம் லாபம்.

இந்த முறை அடைக்க முடியாத ஓட்டை ஒன்றும் உண்டு. காலடிச் சத்தத்தை நிறுத்த முடியாது, அது ஆட்டத்தின் பாதி. மறைந்திருப்பவன் ஓடினால் சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சர்வர் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சத்தத்தின் இடத்தைப் படித்துத் திரையில் புள்ளி வைக்கும் ஹேக்குகளும் உண்டு. ஆளை மறைக்கலாம், சத்தத்தை மறைக்க முடியாது.

செப்டம்பரில் தம்பிக்கு மறுபடி போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு வர முடியுமா என்று கேட்டேன். வரமாட்டான் என்று நினைத்தேன். பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டான். சர்வரில் அந்த பிளக்-இன் போட்டிருப்பதை அவனிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் என்னுடையது, முந்தைய இரவு விண்டோஸைப் புதிதாக ஏற்றியது. எதிரில் மண்டபத்துப் பையன்கள். இரண்டு மேப் ஆடினான். நான் பின்னால் நின்று எண்ணினேன். சுவர் மேல் திரும்பியது பதினொரு முறை. அதே மாதிரி, ஓடுகிறவன் கூடவே குறி நகர்ந்தது. அவன் கணினிக்கு எதிரி எங்கே என்று வந்து சேரவே இல்லை, ஆனாலும் குறி சரியாகப் போனது.

இது மே மாதத்தைப் பற்றி எதையும் நிரூபிக்காது, எனக்குத் தெரியும். ஹேக் இல்லாமலே அவனால் இப்படி ஆட முடியும் என்று மட்டும்தான் காட்டியது. ஆனால் நான் மே மாதத்தில் வைத்த வாதமே 'ஹேக் இல்லாமல் இப்படி ஆட முடியாது' என்பதுதானே. அது அந்த ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிட்டது.

ஆடி முடித்ததும் மே மாத ரீப்ளேயைப் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டேன். பதினான்காவது ரவுண்ட் வந்தது. அவன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினான். "இப்பப் பாருங்கண்ணே" என்றான்.

டக் டக் டக் என்று இடது காதில் காலடி. மரத்தில் விழும் சத்தம், பிறகு கல்லில் விழும் சத்தம். குறி திரும்புவதற்கு ஒரு கணம் முன்னால் அது தொடங்குகிறது. குறி நகர்கிற வேகமும் சத்தம் காதுக்குக் காது நகர்கிற வேகமும் ஒன்று. பிறகு சத்தம் நிற்கிறது. குறியும் அதே கணம் நிற்கிறது. ஏன் நின்றது என்று மேலிருந்து பார்த்தால் தெரிகிறது: ஓடி வந்தவன் ஷிஃப்ட்டை அழுத்தி நடக்கத் தொடங்கியிருக்கிறான். நடந்தால் சத்தம் வராது. அவன் நடந்து முன்னால் வருகிறான், தம்பியின் குறி கடைசிக் காலடி கேட்ட இடத்திலேயே நிற்கிறது. அவன் வேறு இடத்தில் தலையை நீட்டுகிறான், இவன் தாமதமாகத் திரும்புகிறான்.

சுவர் வழியாகப் பார்க்கிறவன் குறி அங்கே நின்றிருக்காது, நடந்து வந்தவன் கூடவே போயிருக்கும். நான் 'நடிப்பு' என்று எழுதிய தாமதம்தான் அவனுக்கு ஆதரவாக இருந்த ஒரே உறுதியான சாட்சி. ஒன்பது இடத்தையும் ஹெட்போனோடு பார்த்தோம். ஆறில் காலடி. இரண்டில் துப்பாக்கிக்குக் குண்டு மாற்றும் சத்தம். ஒன்றில் எந்தச் சத்தமும் இல்லை. அதற்கு அவன் யோசித்துவிட்டு, "அது எங்க ஆள் வாய்ஸ்ல சொன்னான்ணே, டன்னல்ல ஒருத்தன் இருக்கான்னு" என்றான். அவர்கள் பேசியது அந்தப் பதிவில் இல்லை.

இரண்டு இரவும் நான் அந்த ரீப்ளேயைச் சத்தத்தை முழுக்க அணைத்து வைத்துத்தான் பார்த்தேன். குழந்தை எழுந்துவிடுமே என்று. ஒருவன் காதால் ஆடிய ஆட்டத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்துவிட்டு, கண்ணால் ஏமாற்றினான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

மனிதன் பார்ப்பதும் இயந்திரம் பார்ப்பதும்

இது என் வீட்டில் மட்டும் நடக்கிற தவறு இல்லை. அந்த கேமிலேயே 2013இல் ஓவர்வாட்ச் என்று ஒரு முறை வந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள், புகார் வந்தவனின் பெயர் தெரியாமல் ரீப்ளே பார்த்துத் தீர்ப்பளிப்பார்கள். பாரபட்சம் கூடாது என்று பெயரோடு எழுத்து உரையாடலையும் குரல் உரையாடலையும் எடுத்துவிடுவார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் கூட்டாளி சொல்லித் திரும்பியவன் தானாகத் திரும்பியதாகத் தெரிவான். எங்கள் ஒன்பதாவது இடம் மாதிரி. அதனால்தான் அங்கே ஒருவர் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் பலர் தீர்ப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். நான் ஒரே ஆள்.

பிறகு வால்வின் ஜான் மெக்டொனால்ட் 2018இல் ஒரு மாநாட்டில் பேசியதைக் கேட்டேன். சுட்ட ஒவ்வொரு முறையும் அதற்கு அரை செகண்ட் முன்னும் கால் செகண்ட் பின்னும் குறி எப்படி நகர்ந்தது என்று பார்க்கக் கற்ற இயந்திரம் ஒன்றைப் பற்றிச் சொன்னார், பெயர் வேக்நெட். அதுவும் நேரடியாகத் தடை போடவில்லை, சந்தேகப்பட்டதை ஓவர்வாட்ச் ஆட்களிடம் அனுப்பியது. ஆட்டக்காரர்கள் கொடுத்த புகாரில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்ததாம், இயந்திரம் அனுப்பியதில் 80 முதல் 95 சதவீதம். முதல் எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆத்திரத்தில் "ஹேக்" என்று கத்துகிற புகார்களில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. நான் ஒரே ஒரு புகாரை நம்பி ஓர் ஆளை வெளியே அனுப்பினேன்.

2023 பிப்ரவரியில் தன் இன்னொரு கேமான டோட்டா 2இல் வால்வ் செய்த வேலைதான் நான் படித்ததிலேயே மிகச் சுத்தமானது. கேமின் நினைவகத்தில் ஒரு பகுதியை வைத்தார்கள். ஒழுங்காக ஆடுகிற யாருடைய கேமும் அதை ஒருபோதும் படிக்காது. ஆட்டத்தில் தெரியக் கூடாத தகவலைத் திருடும் ஹேக் மட்டும்தான் படிக்கும். வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். யாரெல்லாம் படித்தார்களோ அவர்களுக்குத் தடை, 40,000க்கும் அதிகமான கணக்குகள். குறி எங்கே நின்றது, கை எவ்வளவு வேகம், காது எவ்வளவு கூர்மை என்ற கேள்வியே அங்கே எழவில்லை. திறமைக்கும் திருட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குழப்பமான இடத்துக்குள் காலே வைக்கவில்லை. நன்றாக ஆடுகிறவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்தக் கண்ணியில் சிக்கமாட்டான். ஹேக் எழுதுகிறவன் அடுத்த முறை அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுவான் என்பதால் அந்தப் பொறி ஒரு முறைதான் நன்றாக வேலை செய்யும். அது தெரிந்தேதான் அவர்கள் தடையை மொத்தமாகப் போட்டு, செய்ததை வெளியே சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்பும்போது, பரிசுத் தொகையில் அவன் பங்காக வந்திருக்கக்கூடிய 2,000 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கவில்லை. "குரூப்ல மட்டும் எழுதிப் போட்ருங்கண்ணே" என்றான். அன்று இரவே எட்டு அணியும் இருந்த குரூப்பில் எழுதினேன். ஒன்பது இடத்தின் ரவுண்ட் எண்ணையும் போட்டு, ஹெட்போன் மாட்டிப் பாருங்கள் என்று ரீப்ளே கோப்பையும் போட்டேன். புகார் சொன்ன கேப்டன் இரண்டு நாள் கழித்து, "கேட்டேன்ணே" என்று பதில் எழுதினான். தம்பி எதுவும் எழுதவில்லை. அப்போது அவன் கடலில் இருந்தான்.

2022 தடைக்காலத்தில் மறுபடி போட்டி வைத்தேன். இந்த முறை எல்லோரும் சென்டருக்கு வந்துதான் ஆட வேண்டும், கம்ப்யூட்டர் என்னுடையது, பிளக்-இன் போட்டிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அணிகள் பேசிக்கொள்வதையும் தனியாகப் பதிவு செய்தேன். இரண்டாம் நாளே தொண்டிப் பையன் ஒருவன் மேல் புகார் வந்தது. மேசையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு ஹெட்போன் செருகினேன். ஒன்றைப் புகார் சொன்னவனிடம் கொடுத்தேன், இன்னொன்றை நான் மாட்டிக்கொண்டேன். ரீப்ளேயை முழு வேகத்தில், முழுச் சத்தத்தில் ஓட்டினோம்.